மேல் மடிப்பு

லிங்கப்பா மனிதர்களைப் படிப்பதில் வல்லவர் என்பது மைசூரில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். ஹெப்பாள் தொழிற்பேட்டையில், லாரிக்கும் டிராக்டருக்கும் இரும்புத் தகடு அழுத்திக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் அவர் ஆளெடுக்கிற பர்சனெல் மானேஜர். ஏதாவது ஒரு சங்கம் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாத பையன்களைக் கூட்டி உட்கார வைத்தால் போதும், மாலை வாங்கிக்கொள்ள இவர் போய்விடுவார். "ஒரு விண்ணப்பம் என்பது ஒரு ஆத்மா. நான் காகிதத்தைப் படிப்பதில்லை, ஆத்மாவைப் படிக்கிறேன், முதல் எழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். பையன்கள் கைதட்டுவார்கள். கைதட்டினால்தான் டிபன் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு ஆத்மாவைப் படிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருடைய ஸ்டெனோ ஜீவிதாவுக்குத்தான் தெரியும். பாக்குத் துண்டு ஒன்றைக் கடித்துக் கன்னத்தில் ஒதுக்குகிற நேரம்.

விஷயம் இதுதான். தபாலில் வருகிற பயோடேட்டா மூன்றாக மடித்து வரும். கீழ்ப்பாகம் மேலே ஏறியிருக்கும், மேல்பாகம் அதன்மேல் கவிழ்ந்திருக்கும். லிங்கப்பா கட்டைவிரலால் மேல் மடிப்பை மட்டும் நிமிர்த்துவார். அப்போது கண்ணில் படுவது காகிதத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு. அதற்குக் கீழே மடங்கிய கீழ்ப்பாகத்தின் வெறும் முதுகு. மேலே இருப்பது பிடித்தால் கீழ் மடிப்பையும் திறப்பார். பிடிக்காவிட்டால் அப்படியே மூடி இடதுபக்கத் தட்டில் போட்டுவிடுவார். இடதுதட்டுக்குப் போனவர்களின் ஐ.டி.ஐ. மார்க்கும், அனுபவமும், கையெழுத்தும் சூரிய வெளிச்சத்தையே பார்த்ததில்லை.

வருகிற பயோடேட்டாக்களில் முக்கால்வாசியும் ஒரே அச்சு. தலையில் தடியெழுத்தில் 'பயோடேட்டா', அதற்குக் கீழே இரண்டு கோடு. பிறகு பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனதா இல்லையா, தேசம், மதம், தாய்மொழி, நிரந்தர விலாசம். மேல் மடிப்பு அதோடு தீர்ந்துபோகும். வலதுபக்க மூலையில் முறைத்துக்கொண்டு ஒரு போட்டோ. ஆள் இந்தியன் என்பதும், ஆண் என்பதும், அப்பா ஒருவர் உண்டு என்பதும் ருசுவாகிவிடும். அவனுக்கு என்ன வேலை தெரியும் என்பது மட்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

லிங்கப்பாவின் கண் போகும் பாதையை ஜீவிதா எதிர்நாற்காலியில் உட்கார்ந்து, சுருக்கெழுத்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆறு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். போட்டோ இருந்தால் முதலில் அதில் போய் நின்றுவிடும், அது தண்டம். இல்லாவிட்டால் பெயர். பெயருக்கு அடுத்த வரி. அப்புறம் இடது ஓரமாகவே கீழே இறங்கும்: இப்போது என்ன வேலை, எந்தக் கம்பெனி, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம்வரை. நடுவில் ஓட்டை இருக்கிறதா. விளம்பரத்தில் இவர்கள் கேட்ட சொல் அங்கே இருக்கிறதா. அவ்வளவுதான் ஆத்மா.

இன்னொன்றும் உண்டு. தாய்மொழி என்ற வரி கண்ணில் பட்டு, அதற்கு நேரே 'தமிழ்' என்றிருந்தால், கை தானாக இடதுபக்கம் போகும்.

லிங்கப்பாவுக்குத் தமிழர்கள்மேல் வெறுப்பு என்று சொல்லிவிட முடியாது. அவரே மாநில எல்லையோரம் ராமாபுரம் பக்கத்துத் தமிழர். பிறந்தபோது லிங்கப்பன். எந்த ஊர் எல்லையில் என்று தெரியவில்லை, வழியில் எங்கேயோ அந்தக் கடைசி 'ன்' கழன்று விழுந்துவிட்டது. மைசூரில் தமிழர்களை அடித்த கலவர வருஷத்துக்குப் பிறகு அதை யாரும் தேடவுமில்லை. தன் ஆட்களை உள்ளே இழுக்கிறான் என்று ஒருத்தன் வாயில் விழுந்துவிடுவோமோ என்கிற பயம்தான் அவருக்கு. அதனால் தன் ஆட்களை மட்டும் வெளியே தள்ளி நேர்மையாக இருந்தார். ஒருமுறை அவர் மனைவி பூவாத்தாள் ஆபீசுக்குப் போன் செய்து, "அவிங்க இருக்கறாங்களா அம்மிணி?" என்று கேட்டுவிட்டாள். வீட்டில் அதே தமிழ் பேசுகிற ஜீவிதா கன்னடத்தில் பதில் சொன்னாள். அந்தப் போனைப் பற்றி லிங்கப்பாவும் அவளும் அதன்பிறகு பேசிக்கொண்டதில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் கம்பெனி ஒரு விளம்பரம் கொடுத்தது. மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் ஒருவர் வேண்டும். ஹைட்ராலிக் பிரஸ் தெரிந்திருக்க வேண்டும். பழுதாகுமுன் பார்த்துச் சரிசெய்கிற பராமரிப்பு முறை தெரிந்திருக்க வேண்டும். ஷிப்டில் ஆள் வைத்து வேலை வாங்கியிருக்க வேண்டும். விளம்பரத்தை டைப் அடித்தவள் ஜீவிதா. அவளுடைய அண்ணன் கந்தசாமியைப் பார்த்து அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

கந்தசாமி பதினைந்து வருஷம் பிரஸ் மிஷின்களோடு கிடந்தவன். கையை வைத்தாலே எந்த சீல் கசிகிறது என்று சொல்லிவிடுவான். அவன் வேலை பார்த்த கம்பெனியில் லாக்அவுட் விழுந்து, கேட்டில் பூட்டு துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. மேட்டகள்ளியில் அவன் வீட்டில்தான் ஜீவிதாவும் இருந்தாள். ஓவர்டைம் பார்த்து அவளை ஷார்ட்ஹேண்ட் கிளாசுக்கு அனுப்பியவன் அவன். இப்போது வீட்டில் வருகிற சம்பளம் அவளுடையது ஒன்றுதான். கந்தசாமி சாப்பிடும்போது இரண்டாம் தரம் சோறு வாங்குவதை நிறுத்திவிட்டான்.

விளம்பரம் வந்த அன்று சாயங்காலம், டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் அடித்த தன் பயோடேட்டாவை அவன் எடுத்து வந்து தங்கையிடம் நீட்டினான். மேல் மடிப்பில் தகப்பனார் கம்பீரமாக இருந்தார். மதம் இருந்தது. தாய்மொழி இருந்தது. ராமாபுரம் இருந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில் 'ஒரு தனியார் நிறுவனத்தில் பதினைந்து வருட அனுபவம்' என்று ஒரு வரி.

"இதுல பிரஸ்சு எங்கீங்ணா?"

"பிரஸ்சைப் பத்தி நேர்ல கேட்டாச் சொல்லிக்கறது. காயிதத்துல எதுக்கு?"

"நேர்ல கூப்பிட்டாத்தானே கேப்பாங்க?"

கந்தசாமியின் மனைவி பஞ்சவர்ணம் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "அதானே? உங்க மொகத்தைப் பாத்தா வேலை குடுத்துருவாங்கன்னு நெனப்பு. நானே எங்கப்பாவோட கட்டாயத்துலதான் கழுத்தை நீட்டுனேன்."

ஜீவிதா ஒரு வெள்ளைத்தாளை மூன்றாக மடித்து மேல் மடிப்பை மட்டும் நிமிர்த்திக் காட்டினாள். "எங்காபீசுல பாக்கறது இவ்வளவுதானுங்ணா. இதுக்குள்ள நீங்க யாரு, என்ன வேலை தெரியும், எங்க எத்தனை வருஷம் செஞ்சீங்க, இந்த மூணும் வந்தாகணும். மிச்சமெல்லாம் கீழ."

"சரி, எளுது. மொதல்ல அப்பன் பேரு."

"அப்பன் பேரு ரெண்டாம் பக்கம், அடியில."

கந்தசாமி எழுந்தே நின்றுவிட்டான். "அப்பனைக் கொண்டுபோயி அடியில போடறதா? ஏம்புள்ள, அந்தாளு இல்லாமயா நான் வந்தேன்?"

"அந்தாளுக்கு வேலை கேக்கலியே மாமா, உங்களுக்குத்தானே கேக்கறோம்," என்றாள் பஞ்சவர்ணம்.

"நீ பேசாதே. மதத்தையும் கீழ போடறா, ஊரையும் கீழ போடறா. மேல நான் மட்டும் ஒத்தையில நிக்கோணுமா, அனாதையாட்டம்?"

"ஆமாங்ணா. நீங்க மட்டும்தான் நிக்கோணும்," என்றாள் ஜீவிதா.

தாய்மொழி ஏன் கீழே போகிறது என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மைசூரில் இருந்துகொண்டு அதையெல்லாம் ஒருவர் கேட்டு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் டவுனில், கம்ப்யூட்டரில் அச்சடித்துத் தருகிற டி.டி.பி. கடைக்குப் போனார்கள். கடைக்காரர் சுற்றிலும் தாமரைப்பூ பார்டர் இலவசமாகப் போட்டுத்தருவதாகவும், தலைப்பில் 'கரிக்குலம் விட்டே' என்று நிழல் விழுகிற எழுத்தில் போட்டால் ஆபீசர்கள் மிரண்டுவிடுவார்கள் என்றும் சொன்னார். ஜீவிதா இரண்டையும் மறுத்ததில் அவருக்கு வருத்தம். தலைப்பே இல்லாமல் ஒரு பயோடேட்டாவை அவர் பார்த்ததில்லை. பார்த்தாலே பயோடேட்டா என்று தெரிகிறதற்குத் தலைப்பு எதற்கு என்றாள் அவள்.

மேலே கொஞ்சம் வெள்ளையாக விட்டு, கந்தசாமியின் பெயரைப் பெரிதாக வைத்தாள். பெயருக்குக் கீழே ஊர் மைசூர் என்று மட்டும், பக்கத்துவீட்டு பி.பி. போன் நம்பரோடு. முழு விலாசம் கடைசியில். அதே விலாசம் ஸ்டெனோவின் பைலிலும் இருக்கிறது என்பதை யாரும் ஒத்துப் பார்த்துவிடக் கூடாதல்லவா? அடுத்த வரி, தடித்த எழுத்தில்: மெயின்டனன்ஸ் போர்மன், நானூறு டன் வரை ஹைட்ராலிக் பிரஸ், பதினைந்து வருடம். அதன்கீழ் கம்பெனியின் பெயர், எண்பத்தொன்று முதல் தொண்ணூற்றாறு வரை. பிறகு இரண்டே வரி: ஷிப்டுக்கு எட்டுப் பேரை மேய்த்தது, மாதாந்திரப் பராமரிப்பு அட்டவணை போட்டு பிரஸ் நிற்கிற நேரத்தைப் பாதியாகக் குறைத்தது. விளம்பரத்தில் இருந்த சொற்களையே இங்கேயும் வைத்தாள். அதற்கடுத்து ஐ.டி.ஐ. ஃபிட்டர். மடிப்பு சரியாக அங்கே விழுந்தது. எதுவும் பொய் இல்லை. எல்லாம் இருந்தது, அதது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. போட்டோவைப் பின்பக்கம் குத்தச் சொன்னாள்.

கந்தசாமி காகிதத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். "இது நானா அம்மிணி?" என்றான். முதல்தடவையாக அவன் குரலில் கொஞ்சம் திமிர் இருந்தது. அதைக் கேட்கத்தான் அவள் இவ்வளவும் செய்தாள்.

அவள் கையில் கொடுத்தனுப்பக் கூடாது, தபாலில்தான் வர வேண்டும் என்று முடிவாயிற்று. சிபாரிசு என்ற சொல்லே தன் டிபார்ட்மெண்டில் கிடையாது என்று லிங்கப்பா மேடைதோறும் முழங்கியிருந்தார். சொந்தக்காரனை நுழைக்கப் பார்த்தாள் என்று தெரிந்தால் ஸ்டெனோ வேலையும் போய்விடும். கந்தசாமியே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

கவர் வந்த அன்று காலை, தபால் பிரிக்கிற கிளார்க் பசவராஜ் உள்ளே இருந்த காகிதத்துக்குப் பின்பக்கத்தில் முத்திரை குத்தி, நம்பர் போட்டு, கட்டோடு ஜீவிதாவின் மேஜையில் வைத்தான். போகிறவன் திரும்பி வந்து, "மேடம், இதுக்கு யாரு மேல ரெண்டு போட்டது? சாகேப்ரு இன்னும் பார்க்கவே இல்லியே," என்று கன்னடத்தில் கேட்டான்.

அவள் மேல் மடிப்பை நிமிர்த்தினாள். நான்கு மூலையில் இரண்டு மூலை தெரிந்தது, இரண்டிலும் மஞ்சள். பெயருக்கு மேலே, அவள் பெயர் எடுப்பாகத் தெரியட்டும் என்று கணக்குப் பார்த்து விட்டிருந்த வெள்ளை இடத்தின் நட்டநடுவில், நீலப் பேனாவால் அழுத்தி, உருண்டையாக, வாலை நீட்டி, ஒரு பிள்ளையார் சுழி.

கந்தசாமியைச் சொல்லிக் குற்றமில்லை. தங்கை ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்திருக்கிறாள்; தலையில் ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாள். அது யாருக்கு என்று கேட்க வேறு வேண்டுமா? பிள்ளையாருக்குத்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான். அப்பன், ஊர், மதம் எல்லாரும் இறங்கிப்போன மேல் மடிப்பில், கடைசியில் அவன் ஒற்றையாக நிற்க வேண்டாம் என்று துணைக்கு ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டான்.

"யாரோ பேனா எழுதுதான்னு பாத்திருக்காங்க," என்றாள் ஜீவிதா பசவராஜிடம், கன்னடத்தில். அவன் போனபிறகு பிளேடால் சுரண்டினாள். மை போகவில்லை, காகிதம் இளைத்தது. வேறு அச்சு எடுக்க டவுனுக்குப் போகவேண்டும், அண்ணன் கையெழுத்து வேண்டும், முத்திரை வேண்டும். பத்தரைக்கு லிங்கப்பா மணி அடித்துவிட்டார்.

உள்ளே போகும்போது ஒரு நம்பிக்கை அவளுக்கு இருந்தது. இந்த ஆபீசில் சுழியைச் சுழி என்று அறிந்தவர்கள் இல்லை. பசவராஜுக்கு அது கன்னட எண் ரெண்டு. பிரஸ் ஷாப் மானேஜருக்கு அது பேனாக் கிறுக்கல். அடையாளம் தெரிந்த ஆள் கம்பெனி முழுவதிலும் இரண்டே பேர். ஒருத்தி கட்டைத் தூக்கிக்கொண்டு போகிறாள். இன்னொருவர் கட்டைப் படிக்கப் போகிறார்.

லிங்கப்பா பாக்கை வாயில் போட்டுக்கொண்டு கட்டைவிரலை வேலைக்கு அனுப்பினார். நிமிர்த்தல், மூடல், இடது. நிமிர்த்தல், மூடல், இடது. ஒன்றின் தலையில் 'ஸ்ரீ சாமுண்டேஸ்வரி பிரசன்ன' என்று கன்னடத்தில் சிவப்பு அச்சு. கதவு திறந்திருந்தது, பசவராஜ் வெளியே நின்றிருந்தான். லிங்கப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கீழ் மடிப்பைப் பிரித்து, ஐந்து வருட அனுபவத்தைப் பார்த்து, வலதுதட்டில் வைத்தார்.

அடுத்தது கந்தசாமி.

மேல் மடிப்பு நிமிர்ந்தது. கட்டைவிரல் நின்றது. வாயில் பாக்கும் நின்றது. ஆறு வருஷத்தில் அவர் ஒரு காகிதத்தை இவ்வளவு நேரம் பார்த்து ஜீவிதா கண்டதில்லை. ஆனால் கண் கீழே இறங்கவில்லை. பெயருக்கு வரவில்லை. நானூறு டன்னுக்கு வரவில்லை. உச்சியிலேயே நின்றுகொண்டிருந்தது, ஊர்க்காரனைச் சந்தையில் பார்த்துவிட்டவன் மாதிரி. ஒரு கணம் அந்த முகத்தில் இருந்தது லிங்கப்பன். அப்புறம் அவர் நிமிர்ந்து கதவைப் பார்த்தார். பசவராஜ் பார்க்கிறானா என்று பார்த்தார். விரலில் ஒட்டிய மஞ்சளை மேஜைத் துணியில் துடைத்துக்கொண்டார். மடிப்பை மூடினார். இடது.

"சார்," என்றாள் ஜீவிதா. "அதுல நானூறு டன் பிரஸ் அனுபவம் இருக்கு." கன்னடத்தில்தான் சொன்னாள்.

"காகிதத்தில் ஏதோ கிறுக்கி அனுப்பியிருக்கிறான். ஒழுங்கில்லாத ஆள். இதெல்லாம் உனக்குப் புரியாது, ஆத்மாவைப் படிக்கிற விஷயம்," என்றார் ஆங்கிலத்தில்.

அவள் அதை இடதுதட்டிலிருந்து எடுத்து மேல் மடிப்பை அவர் முன்னால் நிமிர்த்தினாள். "கிறுக்கல் இல்லீங்க. பிள்ளையார் சுழிங்க அது. உங்களுக்குத் தெரியுமுங்க."

அந்த அறையில் முதல்முறையாகத் தமிழ் கேட்டது. வெளியே பசவராஜின் நிழல் அசைந்தது. லிங்கப்பா பாக்கை விழுங்கிவிட்டார் போலிருக்கிறது, இருமினார். இருமி முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஊர் கேட்கிற குரலில் கன்னடத்தில் கேட்டார்:

"ஜீவிதா, இந்தக் கந்தசாமி உனக்கு யாரு?"

இப்போதுதான் பெயரைப் படித்திருக்கிறார்.

ஓவர்டைம் பார்த்துத் தன்னைப் படிக்க வைத்தவன் என்று சொல்லலாம். அந்த வீட்டில் வருகிற ஒரே சம்பளம் தன்னுடையது என்றும் சொல்லலாம். முதலாவதைச் சொன்னால் இரண்டாவது இருக்காது.

"யாரும் இல்ல சார்," என்றாள் கன்னடத்தில்.

"யாரும் இல்லையல்லவா? பிறகு உனக்கென்ன அக்கறை?" என்று லிங்கப்பா மிகவும் அன்பாகச் சிரித்தார். பயம் தெளிந்த மனிதர்களின் அன்பு அது. "எழுதிக்கொள். வருத்தம் தெரிவிக்கிற கடிதம், வழக்கமான வாசகம்."

வழக்கமான வாசகத்தை அவள் டைப் அடித்தாள். தங்கள் தகுதிகளை மிகக் கவனமாகப் பரிசீலித்தோம். கந்தசாமியின் பெயர் வந்தபோது மட்டும் ஒரு எழுத்தை விட்டுவிட்டு, திருத்தி, மறுபடி அடித்தாள். சாமுண்டேஸ்வரி அச்சுக்காரர் இண்டர்வியூவுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், நூறு டன்னுக்கு மேல் பிரஸ்ஸை அவர் தொட்டதில்லை. மற்றவர்கள் அதையும் தொட்டதில்லை, வேலை அவருக்கே கிடைத்தது.

கடிதம் மேட்டகள்ளிக்கு ஒரு சனிக்கிழமை வந்தது. ஜீவிதா வேலைமுடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது கந்தசாமி அதை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோபமில்லை. அவனுக்கு விடை தெரிந்துவிட்டது, அதனால் நிதானமாக இருந்தான்.

"நான் அப்பவே சொன்னேன் அம்மிணி," என்றான். "அப்பனைக் கொண்டுபோயி அடியில போட்டியே. பெத்தவனைக் கீழ தள்ளுனா எப்பிடி வெளங்கும்? நல்லவேளை நானாவது மேல ஒரு சுழி போட்டுட்டேன். அதனாலதான் பதிலாவது வந்துது."

"ஏனுங்க, அவ நல்லதுக்குத்தானே செஞ்சா," என்று பஞ்சவர்ணம் முணுமுணுத்தாள். ஆனால் அவளும் ஜீவிதாவை நேரே பார்க்கவில்லை.

சொல்லிவிட ஒரு வார்த்தை போதும். சுழிதான் கெடுத்தது, அப்பன் இல்லை என்று சொல்லலாம். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பான். அந்த அறையில் இருந்தேன் என்க வேண்டும். இருந்தாயே, என்ன சொன்னாய் என்பான்.

"தப்பு என்மேலதானுங்ணா," என்றாள் ஜீவிதா.

"சரி விடு. கூர்கள்ளியில இன்னொரு கம்பெனிக்கு ஆளெடுக்கறாங்களாம். பழைய மாதிரியே அடிச்சுக் குடு. அப்பன் பேரு மேல இருக்கட்டும், ஊரு, மதம், தாய்மொழி எல்லாம் முறையா வரட்டும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான்: "அந்தத் தாமரைப்பூ பார்டரு, சும்மாத்தானே தர்றேன்னாரு? அதையும் போடச் சொல்லிரு."

திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்ததும் அவள் டி.டி.பி. கடைக்குப் போனாள். கடைக்காரருக்கு ரொம்ப சந்தோஷம்.